காலையில மூணு, சாயங்காலம் மூணு பிளைட்: லோடர்களை எத்தனை மணிக்கு வரச் சொல்றது?

2024 அக்டோபர் 28, இரவு 9:40 | ராம்ப்காரன்

நேத்திலிருந்து விண்டர் ஷெட்யூல். எங்க சின்ன ஏர்போர்ட்டுக்கு ஒரு நாளைக்கு ஏழு ஏடிஆர், சின்ன புரொப்பெல்லர் விமானம். வர்ற நேரம், கிளம்புற நேரம் இப்படி:

1. சென்னை 6:55 – 7:20
2. பெங்களூரு 7:10 – 7:35
3. சென்னை 7:40 – 8:05
4. சென்னை 11:45 – 12:10
5. சென்னை 16:50 – 17:15
6. பெங்களூரு 17:05 – 17:30
7. சென்னை 17:40 – 18:05

லோடர் காலையில 10 பேர், 5 மணியிலிருந்து 13 மணி வரை. மதியம் 10 பேர், 12லிருந்து 20 வரை. ஏழு மணிக்கு ஆள் பத்தலன்னு கத்துறேன். ஒன்பது மணிக்கு பத்து பேரும் டிராலி மேல உட்கார்ந்து போன் பார்க்கிறாங்க. இதை மேனேஜர் சிசிடிவியில பார்த்துட்டு 20 பேரை 16 ஆக்குன்னு சொல்லிட்டார். ஆரம்பிக்கிற நேரத்தை 6 மணிக்குத் தள்ளினா 16 பேர்ல முடியுமா? லோடர் கணக்கு மட்டும் போதும், டிரைவர், சூப்பர்வைசர் எல்லாம் வேற.

அக்டோபர் 28, இரவு 10:15 | கணக்குப்புள்ள

ரொம்ப சிம்பிள். ஒரு ஏடிஆருக்கு 4 லோடர். வர்றதுக்கு 15 நிமிஷம் முன்னாடியிலிருந்து போனபிறகு 10 நிமிஷம் வரைக்கும் அவங்க கட்டு. முதல் பிளைட் 6:40 – 7:30, ரெண்டாவது 6:55 – 7:45, மூணாவது 7:25 – 8:15. 7:25க்கு மூணும் ஒண்ணா நிக்குது. அப்ப 12 பேர் வேணும். உங்ககிட்ட இருக்கிறதே 10. அதனாலதான் கத்துறீங்க. 16 கேக்குற மேனேஜர்கிட்ட 24 கேளுங்க.

அக்டோபர் 28, இரவு 10:31 | சென்னைப்பயணி

நான் புதன்கிழமை 7:20 பிளைட்ல போறேன். எத்தனை மணிக்கு வந்தா சரியா இருக்கும்?

அக்டோபர் 28, இரவு 10:33 | ராம்ப்காரன்

6:20க்கு கவுண்டர் மூடிடுவாங்க சார், அதுக்குள்ள வாங்க. பெட்டி சின்னதா இருந்தா எங்களுக்குப் புண்ணியம்.

அக்டோபர் 29, காலை 6:05 | பழைய டிராஃபிக்

கணக்குப்புள்ள சொன்னதுல பாதி சரி. மூணு பிளைட் மேல மேல விழுதுன்னு பார்த்தது சரிதான். ஆனா அவர் கணக்குப்படி மூணும் ஒண்ணா நிக்கிறது அஞ்சே நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்துல லோடர் என்ன செய்றான்னு விமானம் நிக்கிற ஏப்ரன்ல நின்னு பார்த்தா கதை மாறிடும்.

வண்டி நின்னு, புரொப்பெல்லர் நின்னு, சிவப்பு லைட் அணைஞ்சப்புறம்தான் யாரும் கிட்ட போகலாம். முதல்ல வாலுக்கு முட்டுக்கட்டை, அதாவது டெயில் ப்ராப். ஏடிஆர்ல ஆளும் பின் கதவு வழியாத்தான் ஏறி இறங்கணும், பின்னாடி கார்கோவும் இருக்கு. முட்டு இல்லாம விட்டா மூக்கைத் தூக்கிட்டு வாலை ஊனிடும். அப்புறம் இறக்குறது, ஏத்துறது. கார்கோ கதவு மூடுறது கிளம்ப அஞ்சு நிமிஷம் முன்னாடி. கதவு மூடின பிறகு லோடருக்கு அங்க வேலை இல்ல. கட்டை எடுக்கிறது, கை காட்டுறது எல்லாம் ராம்ப் ஆளும் மார்ஷலரும். லோடர் டிராலியை ஓரம் கட்டிட்டா முடிஞ்சது.

ஆக லோடரோட நேரம், வர்றதுக்கு 10 நிமிஷம் முன்னாடியிலிருந்து கிளம்புற நிமிஷம் வரை. முதல் பிளைட் 6:45 – 7:20, ரெண்டாவது 7:00 – 7:35, மூணாவது 7:30 – 8:05. முதல் செட்டு முடிச்சுட்டு பத்து நிமிஷம் தண்ணி குடிச்சுட்டு மூணாவதுக்குப் போகலாம். ரெண்டு செட்டு, எட்டு பேர். அதுக்கு மேல பெல்ட் முனையில பெட்டி பிரிச்சு டிராலியில அடுக்க ரெண்டு பேர். பத்து. தம்பிகிட்ட இருக்கிற பத்து சரியான பத்து. அப்ப ஏன் பத்தலன்னு கத்துறீங்க?

அக்டோபர் 29, காலை 6:48 | ராம்ப்காரன்

அண்ணே, டியூட்டியில இருந்து எழுதுறேன். பத்து பேர்ல ரெண்டு பேரு டீ குடிக்க வெளிய போயிருக்காங்க. 5 மணிக்கு வந்தவன் 6:30க்கு டீ கேட்காம என்ன செய்வான். திரும்பி உள்ள வர சிஐஎஸ்எஃப் சோதனை, பாஸ் பார்க்கிறது, 15 நிமிஷம்.

எழுதும்போதே விடை தெரியுது. கூட்டம் இல்லாதப்ப வரவச்சு, கூட்டம் வர்ற நேரத்துல டீக்கு அனுப்புறேன்.

அக்டோபர் 29, மதியம் 1:20 | மீனா_செக்இன்

5 மணிக்கு யாருமே வேண்டாம்னு முடிவு கட்டிடாதீங்க. பிளைட் 6:55க்கு வந்தாலும் எங்க கவுண்டர் 5:20க்கே திறக்குது. 5:45லிருந்து 6:30 வரைக்கும் பெட்டி மேல பெட்டி. பெல்ட்டு முனையில எடுக்க ஆள் இல்லன்னா பெல்ட்டு தானா நின்னுடும், நான் டேக் ஒட்டின பெட்டியை என் காலடியிலேயே அடுக்கணும். வர்ற பிளைட்டை மட்டும் பார்த்து ஆள் கூப்பிடுறவங்க எல்லாரும் இதை மறந்துடுறாங்க. போற பெட்டி, வர்ற விமானத்துக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடியே வந்துடும்.

அக்டோபர் 29, இரவு 8:10 | பழைய டிராஃபிக்

மீனா சொன்னதுதான் விஷயம். ஆரம்ப நேரம் ஒண்ணு இல்ல, ரெண்டு. பின்னாலிருந்து எண்ணி வரணும்.

செட்டு ஆள் 6:45க்கு விமானம் வந்து நிக்கிற பே பக்கத்துல நிக்கணும். அதுக்கு முன்னாடி கேட்டுல சோதனை, சில நாள் ஊதிப் பார்க்கிற டெஸ்ட், ஜாக்கெட், பிரீஃபிங், டிராலி இழுத்து வைக்கிறது, முட்டுக்கட்டை எடுத்து வைக்கிறது. எங்க காலத்துல இதுக்கு 35 – 40 நிமிஷம் ஆகும். ஆக 6:00. பெல்ட் ஆள் 5:30க்கு முனையில நிக்கணும், ஆக 5:00. ரெண்டு பேர் 5 மணி, எட்டு பேர் 6 மணி.

இப்ப கசப்பான பகுதி. இதனால தலை ஒண்ணு கூட குறையாது. காலைக் கூட்டம் 8:05க்கு முடியுது, சாயங்காலக் கூட்டம் 16:40க்கு ஆரம்பிக்குது. 8 மணி நேர ஷிஃப்டை எங்க வச்சு நகர்த்தினாலும் ஒரே ஆள் ரெண்டு கூட்டத்துக்கும் முழுசா நிக்க முடியாது. காலையில பத்து, சாயங்காலம் வேற பத்து. இருபதுதான். நேரத்தை மாத்தினா ஆள் சரியான நேரத்துல களைப்பில்லாம இருப்பான், அவ்வளவுதான். ஆளைக் குறைக்கணும்னா கூட்டத்தோட உச்சியைக் குறைக்கணும்.

அக்டோபர் 29, இரவு 8:44 | கணக்குப்புள்ள

இல்லன்னா ஸ்பிளிட் ஷிஃப்ட். 6:00 – 8:30 வேலை, வீட்டுக்குப் போ, திரும்ப 16:00 – 18:30 வா. பத்தே பேர். மேனேஜருக்கு மாலை போடுங்க.

அக்டோபர் 29, இரவு 9:02 | ராம்ப்காரன்

என் செட்டுல ஒருத்தர் 22 கிலோமீட்டர் தள்ளி கிராமத்துலேருந்து மொபெட்ல வர்றார். ஸ்பிளிட் போட்டா ஒரு நாளைக்கு 88 கிலோமீட்டர். பெட்ரோலுக்கே பாதி கூலி போயிடும்னு அவர் சொல்றதை அப்படியே எழுதினா இங்க நீக்கிடுவாங்க.

அக்டோபர் 29, இரவு 9:30 | டிப்போ குமாரு

சட்டமும் இடிக்கும். ஃபேக்டரி சட்டத்துல வேலை, ஓய்வு எல்லாம் சேர்த்து விரிப்பு பத்தரை மணி நேரம்தான். 6லிருந்து 18:30 பன்னிரண்டரை.

அக்டோபர் 29, இரவு 9:41 | பழைய டிராஃபிக்

ஏர்போர்ட் ஏப்ரன் ஃபேக்டரியா குமாரு? காண்ட்ராக்டர் எந்தச் சட்டத்துல பதிஞ்சிருக்கார்னு பார்த்துட்டுப் பேசணும். அதைத் தம்பியோட எச்ஆர்தான் சொல்லணும். ஆனா சட்டம் இடம் கொடுத்தாலும் நான் ஸ்பிளிட் போட மாட்டேன். ஒரு தடவை போட்டேன். ரெண்டாவது தடவை வரவே மாட்டான். சாயங்காலம் வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும்னு போன் வரும்.

அக்டோபர் 30, காலை 10:15 | பந்தி_பரமு

நான் கல்யாண சமையல். உங்க பிரச்சினை எங்க பிரச்சினைதான். முதல் பந்தி 7 மணி, ரெண்டாவது 7:30, மூணாவது 8. பரிமாற மூணு செட்டு ஆள் போடுறவன் நஷ்டப்படுவான். நாங்க என்ன செய்வோம்னா, காய் நறுக்க விடிகாலையே வர்றவங்க, ஏழரைக்கு மேல நறுக்க எதுவும் இருக்காது, அவங்களுக்குக் கை கழுவச் சொல்லி வாளி கொடுத்துடுவோம். ரெண்டாவது பந்திக்கு சாம்பார் அவங்கதான்.

எச்சில் இலை எடுக்கிறவங்களை மட்டும் தொட மாட்டோம்.

அக்டோபர் 30, காலை 11:50 | பழைய டிராஃபிக்

பரமு, உங்களை ஏர்போர்ட்ல எடுத்திருக்கணும்.

தம்பி, இதைப் பாருங்க. மூணாவது பிளைட்டோட கவுண்டர் 7:05க்கு மூடுது. அதுக்கப்புறம் பெல்ட் முனையில ரெண்டு பேருக்கும் பெரிசா வேலை இல்ல. ரெண்டாவது பிளைட் 7:10க்கு வந்து நிக்குது. பெல்ட் ஆள் ரெண்டு பேரையும் 7:10க்கு ரெண்டாவது செட்டுல பாதியா இறக்கினா, அந்தச் செட்டுக்குத் தனியா ரெண்டு பேர் போதும். முதல் செட்டு 4, பெல்ட் 2, மீதி 2. மொத்தம் 8. சாயங்காலமும் நேரம் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் விழுது. எட்டும் எட்டும் பதினாறு. மேனேஜர் எண்ணும் அதுதான்.

அக்டோபர் 30, பகல் 12:30 | கணக்குப்புள்ள

முதல் பிளைட் லேட்டானா இந்தச் சீட்டுக்கட்டு மாளிகை இடிஞ்சுடாதா?

அக்டோபர் 30, இரவு 7:15 | பழைய டிராஃபிக்

நல்ல கேள்வி, நானும் மதியம் பூரா அதைத்தான் போட்டுப் பார்த்தேன். முதல் பிளைட் மட்டும் 20 நிமிஷம் லேட்டுன்னா முதல் செட்டு 7:40 வரைக்கும் கட்டு. ஆனா ரெண்டாவது செட்டு 7:35க்கு விடுபடுது, மூணாவது அங்க வரும்போது 7:40. ஆள் மாறுது, வேலை நடக்குது. பெங்களூரு மட்டும் லேட்டுன்னா முதல் செட்டு மூணாவதுக்குப் போகும். ரெண்டுமே அரை மணி லேட்டாகி மூணாவது மட்டும் நேரத்துக்கு வந்தாத்தான் இடிக்கும். 1ம் 3ம் ரெண்டுமே சென்னையிலிருந்து வருது, சென்னையில கோளாறுன்னா பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்தே பின்னாடி தள்ளும், நடுவுல இடைவெளி அப்படியே இருக்கும். பிளைட் லேட்டை நினைச்சு பயப்படாதீங்க.

நவம்பர் 4, காலை 9:25 | ராம்ப்காரன்

அண்ணே, இன்னைக்குச் செஞ்சு பார்த்தேன். பிளைட் எல்லாம் நேரத்துக்கு வந்துச்சு. ஆனாலும் இடிஞ்சுது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தவங்க திரும்பற திங்கட்கிழமை. மூணாவது பிளைட் ஃபுல். ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, முறுக்கு வாசம் பெல்ட் முனை வரைக்கும் வருது. கவுண்டர் 7:05க்கு மூடினாங்க, ஆனா எக்ஸ்ரேயில மூணு பெட்டி நின்னுச்சு. ரெண்டுல பவர் பேங்க். மூணாவதுல மிச்சம் வந்த கம்பி மத்தாப்பு, அம்மா ஆசையா வச்சுவிட்டதாம். ஆளைக் கூப்பிட்டு, திறந்து, எடுத்து, மூடி, அதுக்குப் பின்னாடி நின்ன பெட்டிகள் எல்லாம் 7:22க்குத்தான் முனைக்கு வந்துச்சு. முனையில யாரும் இல்ல. நான்தான் அவங்களை 7:10க்கு ரெண்டாவது பிளைட்டுக்கு அனுப்பிட்டேனே. பெல்ட்டு நிறைஞ்சு நின்னுடுச்சு.

நானே போய் எடுத்தேன். எந்தப் பெட்டி ரெண்டாவது பிளைட்டு, எந்தப் பெட்டி மூணாவதுன்னு டேக்கைப் படிச்சுப் படிச்சு எறிஞ்சேன். மூணாவது பிளைட் 14 நிமிஷம் லேட்டு, அதுலயும் 11 பெட்டி கீழேயே நின்னுடுச்சு. மதியம் 12:10 பிளைட்ல அனுப்பணும். லேட்டுக்குக் காரணம்னு என் கோடுதான் எழுதிருக்காங்க.

நவம்பர் 4, காலை 10:02 | பந்தி_பரமு

எச்சில் இலை எடுக்கிறவங்களைத் தொடாதீங்கன்னு சொன்னேனே.

நவம்பர் 4, காலை 10:40 | பழைய டிராஃபிக்

தப்பு என்னோடது. கவுண்டர் மூடுற நேரத்தை பெட்டி முடியுற நேரம்னு எடுத்துக்கிட்டேன். கவுண்டர் மூடின பிறகு கடைசிப் பெட்டி முனைக்கு வர சாதாரண நாள்லயே எவ்வளவு ஆகுதுன்னு எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்ல. அதோட திருவிழா திங்கட்கிழமையில பரிசோதனை பண்ணாதீங்கன்னு சொல்லியிருக்கணும்.

நவம்பர் 4, மதியம் 2:15 | மீனா_செக்இன்

சாதாரண நாள்ல எட்டு, பத்து நிமிஷம். ஒரு பெட்டி நின்னா இருபது. நான் கவுண்டர்லேருந்து எட்டிப் பார்த்தாலே வரிசை தெரியும். என்னை யாரும் கேட்டதில்ல.

நவம்பர் 19, இரவு 9:10 | ராம்ப்காரன்

ரெண்டு வாரம் நோட்டுல எழுதினேன். மூணாவது பிளைட்டோட கடைசிப் பெட்டி முனைக்கு வந்த நேரம் மட்டும். பன்னிரண்டு நாள்ல ஒன்பது நாள் 7:18க்குள்ள வந்துடுச்சு. மீதி மூணு நாள் 7:21, 7:24, 7:29.

அதனால பெல்ட்ல ஒருத்தரை மட்டும் 7:10க்கு இறக்குறேன், இன்னொருத்தர் கடைசிப் பெட்டி டிராலி ஏறுற வரைக்கும் அங்கேயே. ஆக காலையில 9 பேர். ரெண்டு பேர் 5 மணி, ஏழு பேர் 6 மணி. எதிர்பார்க்காத ஒரு லாபம்: பஸ் ஸ்டாண்டுல முதல் பஸ் 5:10க்குத்தான். 6 மணி ஆனதும் நாலு பேர் பஸ்லயே வர்றாங்க, முன்னாடி பைக் வச்சிருக்கிறவன் பின்னாடி தொத்திட்டு வந்தவங்க.

அதே காரணத்தால 5 மணி டியூட்டி எப்பவும் பைக் இருக்கிற அதே ரெண்டு பேருக்கே விழுது. அவங்க மூஞ்சி கொடுத்துப் பேசறதில்ல.

நவம்பர் 19, இரவு 9:33 | டிப்போ குமாரு

விடிகாலை டூட்டிக்கு டிப்போவுல முதல் நாள் ராத்திரியே வந்து படுத்துக்குவாங்க. அங்க படுக்க இடம் இருக்கா?

நவம்பர் 19, இரவு 9:36 | ராம்ப்காரன்

ஏர்போர்ட்ல படுக்க யார் விடுவா குமாரண்ணே.

டிசம்பர் 1, காலை 8:30 | ராம்ப்காரன்

நேத்து ஃபெஞ்சல். சென்னை ஏர்போர்ட்டை மதியமே மூடிட்டாங்க. எனக்குத் தகவல் வந்தப்ப சாயங்கால ஷிஃப்ட்ல பாதிப் பேரு கேட்டுல நிக்கிறாங்க. சாயங்காலம் வந்தது பெங்களூரு பிளைட் ஒண்ணுதான். ஒன்பது பேர் ஒரு பிளைட்டுக்கு. திருப்பி அனுப்பினா அரை நாள் கூலின்னு காண்ட்ராக்டர் சொல்றார், அனுப்ப மனசு வரல. எல்லாரையும் வச்சு டிராலி சக்கரத்துக்கு கிரீஸ் போட்டோம்.

முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

டிசம்பர் 1, காலை 11:00 | பழைய டிராஃபிக்

புயலுக்கு இல்ல. மத்த நாளுக்கு உண்டு. உங்க 16:50க்கு வர்ற விமானம் அதுக்கு முன்னாடி எங்க போய்ட்டு சென்னைக்குத் திரும்புதுன்னு ஏர்லைன் ஆளைக் கேட்டு வச்சுக்கோங்க. 14 மணிக்கே அது ஒரு மணி லேட்டுன்னா உங்களுக்கும் லேட்டுதான்.

2025 ஜனவரி 13, காலை 9:50 | ராம்ப்காரன்

அந்த யோசனையை நான் கொஞ்சம் அதிகமா நம்பிட்டேன்.

இன்னைக்குப் போகி. சென்னையில புகை, பனி, எதுவும் இறங்காதுன்னு நேத்து ராத்திரி வாட்ஸாப்ல எல்லாரும் சொல்றாங்க. 6 மணி ஆளுங்களை 7 மணிக்கு வாங்கன்னு மெசேஜ் போட்டேன். முதல் பிளைட் 15 நிமிஷம்தான் லேட்டு. 7:10க்கு வந்து நிக்குது, பெல்ட் ஆளு ரெண்டு பேரும் நானும்தான் இருக்கோம். செட்டு ஏழு மணிக்கு கேட்டுல, சோதனையில. டெயில் ப்ராப்பை நானே தூக்கிட்டு ஓடினேன். ஜன்னல்ல ஒரு குழந்தை பார்த்துக் கை ஆட்டுது.

ஜனவரி 13, காலை 11:15 | பழைய டிராஃபிக்

2018 போகி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, சென்னையில காலை சில மணி நேரம் எதுவும் இறங்கல. ஆனா இறங்குறதும் ஏறுறதும் ஒண்ணு இல்ல தம்பி. மேலே ஏற, இறங்குறதை விடக் குறைஞ்ச பார்வை தூரமே போதும். உங்க முதல் பிளைட் ராத்திரி சென்னையிலேயே தங்கின வண்டி. அது நின்ன இடத்துலேருந்து கிளம்பிடும். மாட்டிக்கிறது அப்புறம் சென்னையில போய் இறங்கித் திரும்ப வேண்டியது. உங்களுக்கு அடி விழுறது நாலாவது பிளைட்டுக்கு, 11:45.

ஆளோட நேரத்தை வானிலை பார்த்து மாத்தாதீங்க. வண்டி எங்க படுத்துச்சுன்னு பார்த்து மாத்துங்க. அப்பவும் பின்னாடி தள்ளுறது கால் மணிக்கு மேல வேண்டாம்.

ஜனவரி 13, மதியம் 12:40 | ராம்ப்காரன்

நாலாவது இன்னும் வரல. 13:20ன்னு போட்டிருக்காங்க.

ஜனவரி 13, மதியம் 12:52 | கணக்குப்புள்ள

அப்ப நாலாவதுக்கு ஆள் எந்த ஷிஃப்ட்? 6 மணி ஆளுக்கு 14 மணி வரைக்கும் இருக்கு. ஆனா 5 மணிக்கு வந்த ரெண்டு பேரு 13 மணிக்குப் போயிடுவாங்களே? சாயங்கால ஷிஃப்டை 12லிருந்து 11க்கு இழுத்துட்டீங்கன்னு நினைச்சேன்.

ஜனவரி 13, மதியம் 1:05 | ராம்ப்காரன்

இழுத்தேன், ரெண்டே வாரம். 19 மணிக்கு ஷிஃப்ட் முடியுது, ஏழாவது பிளைட் ஒரு மணி லேட்டான நாளெல்லாம் ஓவர்டைம். இப்ப மூணு பேர் 11 மணி, ஆறு பேர் 12 மணி. இதுவரைக்கும் நீங்க சொன்னதுலேயே நான் மறுக்க முடியாத கேள்வி இதுதான்.

மார்ச் 31, இரவு 10:20 | ராம்ப்காரன்

18 பேர்னு எழுதி அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு. மேனேஜர் சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சம்பளம் 18 பேருக்கு வருது, அதனால நானும் கேட்கல.

நேத்திலிருந்து சம்மர் ஷெட்யூல். முதல் பிளைட் 6:20. பின்னாலிருந்து எண்ணினா செட்டு 5:25க்கு கேட்டுல நிக்கணும், பெல்ட் ஆள் 4:25க்கு. பஸ்ல வந்த நாலு பேரும் திரும்ப பைக் பின்னாடி.

மார்ச் 31, இரவு 10:34 | மீனா_செக்இன்

எங்களுக்கு வேன் வருது. 4:10க்கு பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் வரும், பின் சீட்டு காலிதான். ஆனா அது ஏர்லைன் வேன். லோடரை ஏத்தக் கூடாதுன்னு டிரைவருக்கு யாரோ சொல்லி வச்சிருக்காங்க. யார்னு நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்.